அகராதி வரிசையும் குறியெண் வரிசையும்: தேடல் மரத்தில் தமிழ்ச் சொற்கள்

முன்னுரை

சொற்களை வரிசைப்படுத்துதல் என்பது அகராதியியலின் முதற்பணி. கணினியில் சொற்களைத் தொகுத்து வைப்பதற்கும் அதுவே அடிப்படையாகின்றது. அச்சிட்ட அகராதியில் ஒரு சொல் இடம் மாறி அமைந்துவிட்டால், பக்கத்தைப் புரட்டும் கண் அதனை எப்படியாவது கண்டுகொள்ளும். கணினியின் தேடல் மரத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. அங்கு ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையெனில், அச்சொல் இல்லையென்றே விடை வரும். சொல்லடைவுகளையும் இலக்கியத் தரவகங்களையும் நம்பி, இச்சொல் இந்நூலில் பயிலவில்லை என்று முடிவு கூறும் ஆய்வாளருக்கு இது பொருட்படுத்தத்தக்க செய்தியாகும்.

தமிழ்ச் சொற்களைக் கணினியில் இருவகையாக வரிசைப்படுத்த இயலும். ஒன்று, ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தரப்பட்டுள்ள எண்ணைக் கொண்டு ஒப்பிடுவது. மற்றொன்று, அகராதி மரபைப் பின்பற்றி ஒப்பிடுவது. இவ்விரண்டும் எங்கு வேறுபடுகின்றன, அவ்வேறுபாட்டின் வரலாற்றுக் காரணம் யாது, இரண்டையும் ஒரே மரத்தில் கலந்தால் நேர்வது என்ன என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகராதி வரிசையின் வரலாறு

திவாகரம், பிங்கலம் முதலான நிகண்டுகள் சொற்களைப் பொருள் வகையால் தொகுத்தன. அவற்றை மனனம் செய்தவருக்கே அவை பயன்பட்டன. சொல்லின் முதலெழுத்தை அடிப்படையாக வைத்துச் சொற்களை அடுக்கும் முறை, 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டில் இடம்பெற்றது. அகரத்தை ஆதியாக உடையது என்னும் பொருளில் வழங்கும் அகராதி என்ற பெயரும் இந்நூலோடு நிலைபெற்றது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி உரைநடையில் உருவாகி, பாட்டின் துணையின்றியே சொல்லைத் தேடி அடையும் வழியைக் காட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதிகளாக 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது, இந்த வரிசை முழுமையும் உறுதியும் பெற்றது.

பேரகராதியின் வரிசையில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, உயிர் பன்னிரண்டும் அவற்றை அடுத்து ஆய்தமும் அமைகின்றன. இரண்டாவது, மெய்கள் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற நெடுங்கணக்கு முறையில் வருகின்றன. மூன்றாவது, ஒவ்வொரு மெய்யின் வருக்கத்திலும் புள்ளி பெற்ற தனிமெய் முதலிலும், அகரம் ஏறிய உயிர்மெய் அதன் பின்னரும் நிற்கின்றன. ஆகவே கண் என்னும் சொல்லும் கண்ணன் என்னும் சொல்லும் கணவன் என்பதற்கு முன்னர் வருகின்றன.

நெடுங்கணக்கின் இறுதியில் ழ, ள, ற, ன என்னும் நான்கும் ஒருங்கே நிற்பது தற்செயலானதன்று. பிராமி எழுத்து முறையைத் தமிழுக்குத் தழுவியபோது, வடபுல வரிசையில் வல்லினமும் மெல்லினமும் இணைந்து வந்த பகுதியும் ய, ர, ல, வ என்ற பகுதியும் அவ்வாறே ஏற்கப்பட்டன. தமிழ் ஒலிகளுக்கெனச் சிறப்பாக வேண்டப்பட்ட நான்கு எழுத்துகள் அவற்றின் பின்னே சேர்க்கப்பட்டன. தொல்காப்பியம் எழுத்துகளின் தொடக்கத்தை அகரமாகவும் முடிவை னகரமாகவும் கூறுவது இவ்வமைப்பின் பழமையைக் காட்டும். எனவே அகராதி வரிசை, தமிழ் எழுத்து உருவான முறையின் பதிவாகவும் விளங்குகின்றது எனலாம்.

குறியெண் வரிசையின் வரலாறு

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் இந்திய எழுத்துகளுக்கு அளிக்கப்பட்ட அமைப்பு, 1988இல் உருவான இஸ்கி என்னும் இந்தியத் தரத்தை அடியொற்றியது. இந்திய எழுத்துகள் அனைத்திற்கும் பொதுவான ஒரே எண் வரிசையை வகுத்து, எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஒரு மொழியின் பனுவல் மற்றொரு மொழியின் எழுத்தில் தோன்றும்படி செய்வது இஸ்கியின் கருத்தாகும். அதற்குத் தேவநாகரியின் அமைப்பே சட்டகமாயிற்று.

ஒருங்குறியில் தேவநாகரி எழுத்தின் எண்ணோடு பதினாறடிமான எண்ணாகிய 280ஐக் கூட்டினால், அதற்கு இணையான தமிழ் எழுத்தின் எண் கிடைக்கும். தேவநாகரிக் ககரம் U+0915. தமிழ்க் ககரம் U+0B95. தமிழில் இல்லாத வருக்க எழுத்துகளுக்குரிய இடங்கள் வெற்றிடங்களாக விடப்பட்டுள்ளன. ககரத்திற்கும் U+0B99 ஆகிய ஙகரத்திற்கும் இடையே மூன்று இடங்கள் காலியாக இருப்பதன் காரணம் இதுவேயாகும்.

இந்தச் சட்டகத்தில் தமிழின் நான்கு சிறப்பெழுத்துகளும் எங்கு வைக்கப்பட்டன என்பதே வினாவின் மையம். தேவநாகரியில் திராவிட மொழிச் சொற்களை எழுதுவதற்கென நகரம், ரகரம், ளகரம் ஆகியவற்றின் கீழே புள்ளியிட்ட வடிவங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அவை தத்தம் மூல எழுத்துகளை அடுத்து இடம்பெற்றன. அதே இடங்கள் தமிழுக்கும் வந்தன. இதன் விளைவாக ன என்பது நகரத்தை அடுத்து U+0BA9 ஆகவும், ற என்பது ரகரத்தை அடுத்து U+0BB1 ஆகவும், ள, ழ என்பன லகரத்தை அடுத்து U+0BB3, U+0BB4 ஆகவும் அமைந்தன. வகரம் இவற்றுக்குப் பின்னர் U+0BB5 ஆயிற்று. சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே ஜகரம் புகுந்தது.

வடபுல வரிசையில் இல்லாத எழுத்தை எங்கு வைப்பது என்ற ஒரே வினா, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இருமுறை எழுந்துள்ளது. முன்னோர் அவ்வெழுத்துகளை இறுதியில் சேர்த்தனர். தரநிர்ணய வல்லுநர் அவற்றை ஒலியால் அணுக்கமான எழுத்துகளின் பக்கத்தில் அமைத்தனர். அகராதி வரிசையும் குறியெண் வரிசையும் மாறுபடுவதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாம் காரணம் புள்ளி பற்றியது. புள்ளிக்கு U+0BCD என்ற எண் உள்ளது. இது தேவநாகரியின் விராமக் குறிக்கு நேரானது. உயிர்மெய்க் குறிகள் அனைத்திற்கும் பிற்பட்டது. இந்தி அகராதிகளில் கூட்டெழுத்துகள் கௌகாரத்தின் பின்னரே வருவதால், அம்மொழிக்கு இந்த எண் பொருந்துகின்றது. புள்ளி மெய்யை முதலில் வைக்கும் தமிழ்ப் பேரகராதிக்கு இது நேர் எதிரானது.

வேறுபாடு வெளிப்படும் இடங்கள்

எல்லா இடங்களிலும் இவ்விரு வரிசைகளும் மாறுபடுவதில்லை. உயிரெழுத்துகள் அ முதல் ஔ வரை இரண்டிலும் ஒரே முறையில் நிற்கின்றன. அகரம் ஏறிய மெய்க்குத் தனிக்குறி இல்லாத நிலையிலும் இடர் ஏற்படுவதில்லை. உயிர்மெய்க் குறிகளின் எண்கள் மெய்களின் எண்களைவிடப் பெரியவை. ஆகவே கடல் என்பதில் ககரத்தை அடுத்து வரும் டகரத்தின் எண், காடு என்பதில் ககரத்தை அடுத்து வரும் துணைக்காலின் எண்ணைவிடச் சிறியது. கடல் முன்னும் காடு பின்னும் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன.

ஆய்தத்தின் எண் U+0B83. இது அகரத்தின் எண்ணாகிய U+0B85ஐ விடச் சிறியது. ஆனால் அஃது, அக்கா என்ற சொற்களில் ஆய்தம் ககரத்திற்கு முன்னர் வருவது இரு முறைக்கும் ஒத்ததே. ஆய்தத்தை முதலெழுத்தாகக் கொண்டு எழுதப்படும் இக்காலப் பிறமொழிச் சொற்களில் மட்டுமே மாறுபாடு தோன்றும். குறியெண் முறையில் அவை அகரத்திற்கும் முன்னர்ச் சென்றுவிடும்.

புள்ளியால் நேரும் மாறுபாடு இதனினும் பரவலானது. அக்கா, அகம், அகாலம் என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம். பேரகராதி முறையில் அவை இதே வரிசையில் நிற்கும். குறியெண் முறையில் முதலிரு எண்கள் மூன்று சொற்களுக்கும் பொதுவானவை. மூன்றாவதாக அக்காவில் புள்ளியும் அகத்தில் மகரமும் அகாலத்தில் துணைக்காலும் வருகின்றன. இவற்றுள் மகரத்தின் எண் சிறியது; புள்ளியின் எண் பெரியது. ஆகவே அகம், அகாலம், அக்கா என்பது குறியெண் வரிசையாகின்றது. இவ்வாறே பல் என்னும் சொல் பலகை, பலா, பலி ஆகிய அனைத்திற்கும் பின்னே தள்ளப்படுகின்றது. இரட்டித்த மெய்யும் மெய்யீறும் மிகுந்த தமிழில், ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் இம்மாறுபாட்டைக் காண இயலும்.

தேடல் மரமும் ஒப்பீட்டு விதியும்

பெருந்தொகையான சொற்களைக் கணினியில் தேடுவதற்கு அவற்றை மர அமைப்பில் வைப்பது வழக்கம். மரத்தின் உச்சியில் வேர் என்னும் கணு இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு சொல் திறவுகோலாக நிற்கும். தேடப்படும் சொல் அதனினும் முற்பட்டதாயின் இடக்கிளைக்கும், பிற்பட்டதாயின் வலக்கிளைக்கும் தேடல் செல்லும். ஒவ்வோர் ஒப்பீட்டிலும் ஏறத்தாழப் பாதிச் சொற்கள் விலக்கப்படுவதால், சமநிலையில் அமைந்த மரத்தில் பத்து இலட்சம் சொற்களுக்கிடையே ஒன்றைக் காண இருபது ஒப்பீடுகள் போதும். ஒரு கணுவில் பல திறவுகோல்களை வைக்கும் பி-மரம் என்ற அமைப்பை ருடால்ஃப் பேயரும் எட்வர்டு மெக்கிரைட்டும் 1972இல் வெளியிட்டனர். தரவுத்தளங்கள் இன்றும் அதன் வழிவந்த அமைப்புகளையே பெரிதும் பயன்படுத்துகின்றன.

விலக்கப்பட்ட கிளையைத் தேடல் மீண்டும் நோக்குவதில்லை. விரைவிற்குக் காரணம் இதுவே; இடருக்குக் காரணமும் இதுவே. முற்பட்டது எது, பிற்பட்டது எது என்று கூறும் ஒப்பீட்டு விதி, மரத்தைக் கட்டும்போதும் தேடும்போதும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அவ்விதி எதுவாயினும் மரத்திற்குக் கவலையில்லை. அது இடையில் மாறினால்தான் கேடு விளையும்.

மணி, மதி, மனை, மரம், மறை, மலை, மழை என்ற ஏழு சொற்களைக் கொண்டு இதனை விளக்கலாம். இவை குறியெண் வரிசையில் தரப்பட்டுள்ளன. நடுவில் உள்ள மரம் வேராகின்றது. அதன் இடக்கிளையில் மதியும், மதியின் இருபுறம் மணியும் மனையும் அமைகின்றன. வலக்கிளையில் மலையும், மலையின் இருபுறம் மறையும் மழையும் அமைகின்றன.

```
            மரம்
         /        \
      மதி          மலை
     /    \       /    \
  மணி    மனை   மறை    மழை
```

இம்மரத்தில் அகராதி விதியைக் கொண்டு மனை என்ற சொல்லைத் தேடுவதாகக் கொள்ளலாம். னகரம் ரகரத்திற்குப் பிற்பட்டது என்பதால் தேடல் வலப்பக்கம் சென்று மலையை அடைகின்றது. லகரத்திற்கும் னகரம் பிற்பட்டது, மீண்டும் வலப்பக்கம். மழையிலும் அவ்வாறே. அதற்கப்பால் கிளையில்லை. மனை என்ற சொல் இல்லை என்பது விடை. ஆனால் அச்சொல் மரத்தின் இடப்புறத்தில், தேடல் முதலிலேயே விலக்கிவிட்ட பகுதியில் இருக்கின்றது. மறை என்பதும் இவ்வாறே அகப்படாமல் போகின்றது. எஞ்சிய ஐந்து சொற்களும் சரியாகக் கிடைக்கின்றன.

மறுதலையாக, அகராதி வரிசையில் கட்டிய மரத்தில் குறியெண் விதியால் தேடினாலும் இழப்பு நேரும். அவ்வரிசையில் ஏழு சொற்களும் மணி, மதி, மரம், மலை, மழை, மறை, மனை என நிற்கும், மலை வேராகும், மறை அதன் வலக்கிளையின் தலையாகும். இம்மரத்தில் மனை, மறை, மழை என்ற மூன்றும் காணாமற் போகின்றன. ழகரத்தின் குறியெண் றகரத்தின் எண்ணைவிடப் பெரியது. ஆகவே மழையைத் தேடும்போது மறைக்கு வலப்புறம் செல்ல நேர்கின்றது. மழையோ இடப்புறத்தில் உள்ளது.

இவ்வகைப் பிழை எளிதில் புலப்படுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பெரும்பாலான சொற்கள் கிடைத்துவிடுவதால் கருவி செம்மையாக இயங்குவதாகவே தோன்றும். காணாத சொல் இல்லாத சொல்லாகக் கருதப்படும். மேலும், மனை இல்லையென்ற விடையை நம்பி அச்சொல்லை மீண்டும் சேர்த்தால், ஒரே சொல் மரத்தில் இரண்டு இடங்களில் நிற்கும். ஒன்றன் மேற்கோள்கள் ஒரு கணுவிலும் மற்றவை வேறொரு கணுவிலுமாகச் சிதறும்.

பிழையைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. மரத்தை இடக்கிளை, கணு, வலக்கிளை என்ற முறையில் முழுவதும் நடந்து, கிடைக்கும் சொற்களை அடுத்தடுத்து ஒப்பிட வேண்டும். நடைமுறையில் உள்ள விதியின்படி எங்கேனும் பிற்பட்ட சொல் முன்னே நின்றால் மரம் முறிந்துள்ளது என்று பொருள். முதல் மரத்தில் மனையை அடுத்து மரமும், மறையை அடுத்து மலையும் வருவதால் இரு முறிவுகள் புலனாகின்றன. சில சொற்களை மட்டும் தேடிப் பார்ப்பது இச்சோதனைக்கு ஈடாகாது.

2018ஆம் ஆண்டின் நிகழ்வு

ஒப்பீட்டு விதி இடையில் மாறுவது கற்பனையான நிலையன்று. லினக்ஸ் இயங்குதளங்களில் பயன்படும் க்னூ சி நூலகத்தின் 2.28ஆம் பதிப்பு 2018 ஆகஸ்டில் வெளிவந்தது. அதில் மொழிகளுக்குரிய வரிசை அட்டவணைகள் பன்னாட்டுத் தரத்தின் புதிய பதிப்பிற்கேற்ப விரிவாக மாற்றப்பட்டன. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் சொற்களை ஒப்பிட அந்நூலகத்தையே நம்பியிருந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்களின் கணினிகளில் பழைய விதியால் கட்டிய மரங்கள் அப்படியே வட்டில் இருக்க, தேடல் புதிய விதியால் நிகழ்ந்தது. இருக்கும் பதிவுகள் கிடைக்காமற் போயின. ஒரே திறவுகோல் இருமுறை பதிவாகும் நிலை ஏற்பட்டது. `REINDEX` என்ற கட்டளையால் மரங்களை முற்றிலும் புதிதாகக் கட்டுவதே தீர்வாக இருந்தது.

குறியெண் வரிசையைப் பயன்படுத்திய மரங்களுக்கு இந்நிகழ்வில் தீங்கு நேரவில்லை. ஒருமுறை அளித்த எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை. ஆகவே குறியெண் வரிசை பண்பாட்டு நோக்கில் பொருந்தாததாயினும் என்றும் மாறாதது. அகராதி வரிசை பொருத்தமானது. ஆனால் அதனைக் கணினிக்குச் சொல்லும் அட்டவணை பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. இரண்டில் ஒன்றைத் தேர்வோர் இவ்விரு பண்புகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எண்ணை மாற்றுதலும் எடையை அளித்தலும்

இம்மாறுபாட்டை நீக்க இருவகை வழிகள் முன்வைக்கப்பட்டன. முதலாவது, எழுத்துகளின் எண்களையே அகராதி முறையில் அமைப்பது. தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கம் எனப்படும் டேஸ்-16 இவ்வழியைச் சார்ந்தது. அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியெண் உண்டு. எண் வரிசையும் நெடுங்கணக்கு வரிசையும் ஒன்றே. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியோடு இதனையும் தரமாக அறிவித்தது. ஆயினும் இது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால், அதனை அறியாத கருவிகளுக்கு அவ்வெண்கள் எழுத்துகளாகத் தோன்றுவதில்லை.

இரண்டாவது வழி, எண்ணை அவ்வாறே விட்டுவிட்டு, ஒப்பிடுவதற்கென ஒவ்வோர் எழுத்துக்கும் தனியாக ஓர் எடையை வழங்குவது. ஒருங்குறியின் வரிசைப்படுத்தும் நெறிமுறை இவ்வழியைப் பின்பற்றுகின்றது. அதன் பொது அட்டவணையிலேயே வகரத்தின் பின் ழ, ள, ற, ன என்ற நான்கும் மரபு முறையில் வைக்கப்பட்டு, அவற்றின் பின்னர் ஜகரம் முதலியன வருகின்றன. எழுத்தின் எண்ணில் நேர்ந்த இடமாற்றம் எடையில் திருத்தப்பட்டுவிட்டது எனலாம்.

தமிழின் எடைகளை வகுக்க நெடுங்கணக்கே போதுமானது. உயிர்களுக்கு 1 முதல் 12, ஆய்தத்திற்கு 13, அடுத்து க் 14, க 15, கா 16 என்று தொடர்ந்து கௌ 26, ங் 27. ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி மெய்யோடு பன்னிரண்டு உயிர்மெய்யும் சேரப் பதின்மூன்று இடங்கள். பதினெட்டு மெய்க்கும் 234 இடங்கள். முன்னுள்ள பதின்மூன்றையும் கூட்ட, இறுதியாக வரும் னௌ என்ற எழுத்தின் எடை 247 ஆகின்றது. இலக்கண மாணவர் எண்ணிக் கற்கும் 247 எழுத்துகளும் இங்குத் தத்தம் வரிசை எண்ணையே எடையாகப் பெறுகின்றன. பைத்தான் மொழியில் இதனைப் பின்வருமாறு எழுதலாம்.

```python
import unicodedata
U = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃ"
M = "கஙசஞடணதநபமயரலவழளறன"
K = ("\u0BBE\u0BBF\u0BC0\u0BC1\u0BC2"
     "\u0BC6\u0BC7\u0BC8\u0BCA\u0BCB\u0BCC")

def key(word):
    out = []
    for c in unicodedata.normalize("NFC", word):
        if c in U:
            out.append(U.index(c) + 1)
        elif c in M:
            out.append(15 + 13 * M.index(c))
        elif c == "\u0BCD":
            out[-1] -= 1
        elif c in K:
            out[-1] += K.index(c) + 1
    return out
```

மெய்யைக் கண்டதும் அகரம் ஏறிய எடை தரப்படுகின்றது. பின்னர்ப் புள்ளி வந்தால் ஒன்று குறைகின்றது. உயிர்க்குறி வந்தால் அதற்கேற்பக் கூடுகின்றது. இம்முறையில் மரம் என்பது 132, 158, 131 என்றும், மனை என்பது 132, 244 என்றும் ஆகின்றன. மணி, மதி, மலை, மழை, மறை என்பவற்றின் இரண்டாம் எடைகள் முறையே 82, 95, 179, 205, 231. எடைகளை ஒப்பிட்ட மாத்திரத்தில் ஏழு சொற்களும் அகராதி முறையில் நிற்கின்றன. அக்கா 1, 14, 16 ஆகவும், அகம் 1, 15, 131 ஆகவும் அமைவதால் புள்ளியின் இடரும் தீர்கின்றது.

இந்நிரலின் இயல்பாக்க வரி கருதத்தக்கது. ஒகர உயிர்மெய்க் குறியை U+0BCA என ஒரே எண்ணாலும், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர U+0BC6, U+0BBE என இரண்டு எண்களாலும் எழுத இயலும். திரையில் இரண்டும் ஒன்றே. கொடி என்ற சொல் இருவகையாகவும் உள்ளீடு செய்யப்பட்டிருந்தால், குறியெண் மரத்தில் அவை இருவேறு திறவுகோல்களாகும். கேணி, கைதி போன்ற சொற்கள் அவற்றிற்கு இடையே புகும். எடை காண்பதற்கு முன்னர் இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொண்டுவந்தாலன்றி இச்சிதறல் தீராது.

இம்முறையின் எல்லையும் கூறத்தக்கது. 247 எடைகளும் 256 மதிப்புகளை ஏற்கும் ஒரு பைட்டில் அடங்கிவிடும். ஆனால் ஜ, ஶ, ஷ, ஸ, ஹ என்ற ஐந்து கிரந்த எழுத்துகளையும் அதே முறையில் சேர்த்தால் மேலும் 65 இடங்கள் வேண்டும். மொத்தம் 312 ஆகும். அப்போது ஓர் எழுத்துக்கு இரு பைட்டுகள் தேவைப்படும். அவ்வாறாயினும் இடம் மிகுவதில்லை. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் மனை என்ற சொல் ஒன்பது பைட்டுகளில் நிற்கின்றது. அதன் எடைகளுக்கு நான்கு பைட்டுகள் போதும். மேலே தந்த நிரல் கிரந்த எழுத்தையும் இடைவெளியையும் கணக்கில் கொள்வதில்லை. கிரந்த மெய் விடுபடும்போது அதன்மேல் ஏறிய குறி முந்திய எழுத்தின் எடையை மாற்றிவிடும் என்பதால், அத்தகைய சொற்கள் வரும் தொகுப்பில் அட்டவணையை விரித்த பின்னரே இதனைப் பயன்படுத்துதல் வேண்டும். இரு வேறு சொற்கள் ஒரே எடை பெறும் நிலை எஞ்சினால், குறியெண் ஒப்பீட்டை இரண்டாம் விதியாக வைத்து அவற்றைப் பிரித்தறியலாம்.

முடிவுரை

குறியெண் வரிசை பிழையானதன்று. ஒரு சொல் தொகுப்பில் உண்டா, இல்லையா என்ற வினாவிற்கு விடை காண அதுவே போதும்; மாறாத தன்மையால் அது நம்பத்தக்கதுமாகும். சொற்களை அகராதி போல் வரிசையாகக் காட்டவும், ஒரு சொல்லுக்கு அடுத்த சொல்லைத் தரவும், இச்சொல் முதல் அச்சொல் வரை என ஒரு பகுதியை எடுத்தளிக்கவும் அகராதி வரிசை வேண்டும். பல் முதல் பலி வரை உள்ள சொற்களைத் தருக என்று குறியெண் மரத்திடம் கேட்டால், தொடக்கம் முடிவிற்குப் பின்னே நிற்பதால் ஒரு சொல்லும் கிடைக்காது.

ஆகவே தமிழ்ச் சொற்றொகுப்பு ஒன்றை உருவாக்குவோர், சொல்லின் மூலவடிவத்தை மாற்றாமல் வைத்து, இயல்பாக்கிய பின் பெற்ற எடைகளைத் தனித் திறவுகோலாகச் சேமிப்பதே தக்கது. எடை அட்டவணையின் பதிப்பு எண்ணையும் தொகுப்போடு பதிதல் வேண்டும். அட்டவணை மாறினால் மரத்தை முழுவதும் மீண்டும் கட்டி, வரிசை நடையால் சோதித்த பின்னரே பயன்பாட்டிற்கு விடுதல் வேண்டும். தொகுப்பைப் பயன்படுத்தும் ஆய்வாளருக்கும் ஒரு கடமை உண்டு. ழ, ள, ற, ன பயிலும் ஒரு சொல் கிடைக்கவில்லையெனில், அது நூலில் இல்லையா, தேடல் சென்ற கிளையில் இல்லையா என்பதைத் தொகுப்பின் வரிசைப் பட்டியலைப் படித்துத் தெளிந்த பின்னரே முடிவு கூறுதல் முறையாகும்.